சத்தி ரோடா, விளாங்குறிச்சியா?

சரவணம்பட்டி ஐ.டி. வளாகங்கள் விடும் நேரத்தில் கோவை ரயில் நிலையத்துக்குக் கிளம்புகிறவர்களிடம் வழி கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள் வரும். சத்தி ரோட்டிலேயே கணபதி, காந்திபுரம் என்று நேராகப் போவது ஒன்று. விளாங்குறிச்சி வழியாக ஹோப் காலேஜ் வந்து அவிநாசி ரோட்டைப் பிடிப்பது இன்னொன்று. காளப்பட்டி சுற்றி ஹோப் காலேஜ் வருவது மூன்றாவது. மூன்றையும் கூட்டிப் பார்த்து எது குறைவோ அதுதான் குறுகிய வழி என்று முடித்துவிடுவோம். அந்த முடிவு சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் பயண நேரத்தை எழுதுவோம். இதற்கு எடையுள்ள கோட்டுரு என்று பெயர். கீழே உள்ள நிமிடங்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் இருவழிச் சாலைகள்.

சரவணம்பட்டி–கணபதி 18, கணபதி–காந்திபுரம் 14, காந்திபுரம்–ரயில் நிலையம் 9. சரவணம்பட்டி–விளாங்குறிச்சி 9, விளாங்குறிச்சி–ஹோப் காலேஜ் 10, ஹோப் காலேஜ்–ரயில் நிலையம் 24. சரவணம்பட்டி–காளப்பட்டி 12, காளப்பட்டி–ஹோப் காலேஜ் 12. இவை போக இரண்டு குறுக்குச் சாலைகள்: விளாங்குறிச்சி–கணபதி 8, விளாங்குறிச்சி–காளப்பட்டி 7.

சத்தி ரோடு வழி 41 நிமிடம், விளாங்குறிச்சி வழி 43, காளப்பட்டி வழி 48. ஆக, 41தான் விடை என்று தோன்றும். ஒப்பிட்டது சரி, ஆனால் மனதுக்கு வந்த வழிகளை மட்டும் ஒப்பிட்டிருக்கிறோம். இந்தச் சின்னப் படத்திலேயே, போன இடத்துக்கே திரும்பி வராமல் செல்ல 10 வழிகள் இருக்கின்றன. பெரிய படத்தில் எண்ணி மாளாது. பக்கத்துக்கு 10 கட்டம் உள்ள சதுரத் தெருவமைப்பில் தெருத்துண்டுகள் வெறும் 220. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பின்வாங்காமல் போகும் வழிகளோ 1,84,756.

எனவே வழிகளை விட்டுவிட்டுச் சாலைகளைச் சோதிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். விடை சொன்னவர் ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை நிமிடம் கணக்கிட்டார் என்று கேட்டு, அந்த ஊர்ப் புள்ளியின் மேல் எழுதுங்கள். 41 சொன்னவரின் கணக்கு இது: சரவணம்பட்டி 0, விளாங்குறிச்சி 9, காளப்பட்டி 12, கணபதி 18, ஹோப் காலேஜ் 19, காந்திபுரம் 32, ரயில் நிலையம் 41. இனி ஒவ்வொரு சாலையாக எடுத்து அதன் இரு முனை எண்களையும் கழியுங்கள். வித்தியாசம் அந்தச் சாலையின் நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

விளாங்குறிச்சி–கணபதி சாலையில் குட்டு வெளிப்படுகிறது. 18-இல் 9 போக 9. சாலையோ 8 நிமிடம்தான். விளாங்குறிச்சிக்கு 9 நிமிடத்தில் போய், அங்கிருந்து 8 நிமிடத்தில் கணபதி போனால் 17. நேர்ச்சாலையைவிட ஒரு நிமிடம் மிச்சம். கணபதியை 17 ஆக்கினால் காந்திபுரம் 31, ரயில் நிலையம் 40 ஆகும். மறுபடி 10 சாலைகளையும் சோதித்தால் எதுவும் இடிக்காது. ஹோப் காலேஜ்–ரயில் நிலையத்தில் வித்தியாசம் 21, சாலை 24. காளப்பட்டி–ஹோப் காலேஜில் வித்தியாசம் 7, சாலை 12.

இதைவிடக் குறைந்த வழி ஒளிந்திருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? எந்த வழியில் போனாலும் எண் 0-விலிருந்து 40-க்கு ஏறியாக வேண்டும். எந்தச் சாலையும் தன் நிமிடத்துக்கு மேல் எண்ணை ஏற்றாது. அப்படியானால் எந்த வழியின் மொத்த நிமிடமும் 40-க்குக் குறைய முடியாது. நாம் பார்க்காத வழிகளுக்கும் இது பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை: எல்லா ஊருக்கும் 0 என்று எழுதினாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும்! அதனால் சொன்ன 40 நிமிடத்துக்கு உண்மையிலேயே ஒரு வழி இருக்கிறதா என்று கூட்டிப் பார்ப்பதும் அவசியம். 9, 8, 14, 9 சேர்த்தால் 40, இருக்கிறது. ஒருவழிச் சாலை என்றால் வண்டி போகும் திசையில் எண் எவ்வளவு ஏறுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் புகழ்பெற்ற முறையை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் யோசித்து 1959-இல் வெளியிட்டார். அதைக் கையால் போடும் மாணவர்கள் அதிகம் சறுக்குவது நாம் பார்த்த இடத்தில்தான். கணபதிக்கு 18 என்று ஒருமுறை எழுதியதும் அதை முடிந்துபோனதாக எடுத்துக்கொண்டு, விளாங்குறிச்சியைக் கையாளும்போது திருத்த மறந்துவிடுவார்கள்.

அக்டோபர் 2025-இல் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. அதனால் நம் படத்தில் ஹோப் காலேஜ்–ரயில் நிலையம் 24-லிருந்து 20 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 21, சாலை 20. பழைய விடை இடிக்கிறது. விளாங்குறிச்சி, ஹோப் காலேஜ் வழி 39 நிமிடத்தில் முந்திவிடுகிறது. அதுவே 21 என்றிருந்தால் இரண்டும் சமம். 22 என்றால் பழைய விடையே நிற்கும். மாறாக, சரவணம்பட்டி–காளப்பட்டிச் சாலையைத் தோண்டிப் போட்டு 12 நிமிடம் 30 ஆனாலும் ரயில் நிலையத்துக்கான விடையை மறுபடி பார்க்க வேண்டியதில்லை. நம் வழி அதில் போகவில்லை. மற்ற வழிகள் கூடுமே தவிரக் குறையாது.