கம்பிகள் ஏன் நெருங்கின?

1940-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த வேய்ன் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் கிர்கெண்டால் என்ற உலோகவியலாளரும் ஸ்மிகெல்ஸ்காஸும் ஒரு பித்தளைக் கட்டியைச் சூடாக்கினார்கள். நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் முடியளவு மெல்லிய மாலிப்டினம் கம்பிகளைப் பதித்து, மேலே செம்பைத் தடிமனாக மின்முலாம் பூசியிருந்தார்கள். மாலிப்டினம் செம்போடும் துத்தநாகத்தோடும் கலக்காது, அந்தச் சூட்டில் உருகாது. ஆகவே செம்பும் பித்தளையும் சந்திக்கும் எல்லையைக் காட்டும் குறியாக அது இருக்கும் என்பது திட்டம்.

கட்டியை 785 டிகிரி செல்சியஸில் வைத்து, இடையிடையே துண்டு வெட்டி அளந்தார்கள். முதல் நாளிலேயே கம்பிகள் 0.015 மில்லிமீட்டர் உள்நோக்கி நகர்ந்திருந்தன. 56-ஆம் நாளில் அது சுமார் 0.12 மில்லிமீட்டர் ஆனது. நாள்கள் 56 மடங்கானாலும் நகர்வு எட்டு மடங்குதான். பரவல் எப்போதும் காலத்தின் வர்க்கமூலத்தோடுதான் வளரும் என்பதால், இது பரவலின் வேலைதான் என்று உறுதியானது.

கம்பிகளை யாரும் தள்ளவில்லை. அவற்றுக்கு உள்ளே இருந்த பித்தளைதான் சுருங்கியது. துத்தநாக அணுக்கள் செம்புக்குள் போன வேகத்தில் செம்பு அணுக்கள் பித்தளைக்குள் வரவில்லை. போனது அதிகம், வந்தது குறைவு. துத்தநாகம் குறையும்போது பித்தளையின் படிகமும் சற்றுச் சுருங்கும்தான். ஆனால் கணக்குப் போட்டால் அது நகர்வில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் விளக்கியது.

அன்றைய பாடம் வேறாக இருந்தது. பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொள்வதே பரவல் என்று பலர் நம்பினார்கள். அப்படியானால் இரண்டு உலோகங்களின் வேகமும் சமமாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் துறையில் பெரும் செல்வாக்கு உள்ள ராபர்ட் மெல் இந்த முடிவை ஏற்கவில்லை. கட்டுரை பல மாதங்கள் முடங்கி 1947-இல்தான் வெளிவந்தது. பிறகு மெல்லின் சொந்த ஆய்வுக்கூடமே வேறு உலோக இணைகளை வைத்துச் சோதித்து, கம்பிகள் நகர்வது உண்மைதான் என்று 1951-இல் எழுதியது. இதற்குள் லாரன்ஸ் டார்க்கன் 1948-இல் இரண்டு வேகங்களையும் பிரித்துக் கணக்கிடச் சூத்திரம் தந்துவிட்டார்.

சமமில்லாத வேகம் எப்படிச் சாத்தியம்? படிகத்தில் அங்கங்கே அணு இல்லாத காலியிடங்கள் இருக்கின்றன. அணு அவற்றுக்குள் தாவித்தான் நகர்கிறது. சினிமாக் கொட்டகையில் ஒருவர் முன்வரிசைக் காலி இருக்கைக்குத் தாவினால், காலி இருக்கை பின்வரிசைக்கு வந்துவிடுகிறது அல்லவா, அதுபோல. துத்தநாகம் செம்புப் பக்கம் அதிகமாகத் தாவத் தாவ, பித்தளைப் பக்கம் காலியிடங்கள் குவிகின்றன.

குவிந்தவை என்ன ஆகும் என்பதுதான் கதையின் சுவையான பகுதி. படிகத்தில் அடுக்குகள் சரியாகப் பொருந்தாத இடப்பெயர்வுகள் என்ற குறைகள் உண்டு. காலியிடங்கள் அங்கே போய் ஒடுங்கினால் அணு அடுக்குகள் குறைந்து உலோகம் சுருங்கும், கம்பி நகரும், ஆனால் ஓட்டை விழாது. ஒடுங்க இடம் போதாவிட்டால் காலியிடங்கள் ஒன்றுசேர்ந்து நுண்துளைகளாகும். அப்போது உலோகம் முழுதாகச் சுருங்காது, கம்பியின் நகர்வும் அந்த அளவுக்குக் குறையும். ஆகவே கம்பி நகராததை வைத்து மட்டும் வேகங்கள் சமம் என்று சொல்லிவிடக் கூடாது. கட்டியை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். துளைகள் வேகமான உலோகம் கிளம்பிய பக்கத்தில், எல்லைக்கு இணையாகப் பட்டையாக இருந்தால் காரணம் இதுதான். வார்ப்பில் வாயு சிக்கி வந்த துளைகள் அப்படிப் பக்கம் பார்ப்பதில்லை. சுற்றிலும் அழுத்தம் கொடுத்துச் சூடாக்கினால் பரவல் துளைகள் பெரும்பாலும் உருவாவதில்லை.

மின்னணுச் சில்லுகளில் இதற்கு விலை கொடுத்திருக்கிறார்கள். சில்லின் அலுமினியத் திட்டில் தங்கக் கம்பியை ஒட்டினால், சூட்டில் இரண்டும் சேர்ந்து சேர்மங்களாகின்றன. அவற்றில் ஒன்று ஊதா நிறம் என்பதால் தொழிலில் இதற்கு 'ஊதாக் கொள்ளைநோய்' என்றே பேர். பழி நிறத்தின் மேல் விழுந்தது. அந்தச் சேர்மம் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். பல சமயம் இணைப்பைத் தளர்த்துவது பக்கத்தில் வரிசையாக விழும் துளைகள்தான். அதனால் ஒட்டிய கம்பிகளைப் பல மணி நேரம் சூட்டில் வைத்து, பிறகு கொக்கியால் இழுத்துப் பார்க்கிறார்கள். கம்பி நடுவில் அறுந்தால் ஒட்டு நல்லது. அடியோடு பெயர்ந்து வந்தால் அங்கே துளைகளைத் தேட வேண்டும்.