மருத்துவ வண்டி ஒரு நடை போய்வர என்ன செலவு?

உத்திரமேரூர் வட்டாரத்துக் கடைவீதிகளில் நல்ல காரியத்துக்குக் கொடை கேட்டு வருவோர் என்றும் குறைந்ததில்லை. கோயில் திருப்பணி, பள்ளிக்குப் பெஞ்சு, கோடையில் நீர்மோர்ப் பந்தல் என்று வணிகர்களாகிய நாமும் முடிந்ததைக் கொடுத்துதான் வருகிறோம். கொடைகளில் பெரியதாகச் சொல்லப்படுவது மருத்துவ வண்டி. சங்கத்தின் பெயரைப் பக்கவாட்டில் எழுதி, மாலை போட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் புண்ணியம் சேர்ந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். ஆனால் வண்டி வாங்கும் பணம் ஒருமுறைச் செலவு. ஓட்டும் பணம் மாதாமாதம் வேண்டும். அந்தக் கணக்கை நமக்குப் பழகிய கடைக்கணக்கு முறையிலேயே இங்கே போட்டுப் பார்ப்போம்.

நடமாடும் மருத்துவமனை நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் நிதியுதவியோடு, ஒன்றியத்துக்கு ஒரு வண்டி என்ற முறையில் 385 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் அத்திட்டத்தை 2009-ல் தமிழக அரசு விரிவுபடுத்தியது. மருத்துவரும் செவிலியரும் குறித்த நாளில் குறித்த ஊருக்குப் போய், அங்கேயே நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுப்பதே அதன் வேலை. அரசு வண்டிக்கு ஒரு வசதி உண்டு. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகையைப் பாஸ் புத்தகத்தில் எழுதி, எடுத்த சரக்குக்கு அதில் பற்று எழுதுகிறார்கள். மளிகைக்கடையில் வாடிக்கையாளருக்கு நாம் வைக்கும் பற்றுப் புத்தகம் போன்றதுதான் அது. சங்கமோ அறக்கட்டளையோ நடத்தும் வண்டிக்கு அப்படிக் கிடங்கு கிடையாது. ஒவ்வொரு மாத்திரையையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மாதம் பிறந்தால் நிற்காத செலவு

உத்திரமேரூரை இருப்பிடமாகக் கொண்டு ஒரு வண்டி ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் சாலவாக்கம் பக்கம், ஒரு நாள் மானாம்பதி, பெருநகர் பக்கம், ஒரு நாள் களியாம்பூண்டி பக்கம் என்று மாதம் 24 நடை. ஒரு நடைக்குப் போகவர 60 கிலோமீட்டர், 50 நோயாளிகள். கீழே வரும் ரூபாய்க் கணக்கு நாமாக எடுத்துக்கொண்ட உத்தேசம். அவரவர் ஊர்ச் சம்பளத்துக்கும் விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் ஆட்கள். மருத்துவருக்கு மாதம் 60,000, செவிலியருக்கு 20,000, மருந்தாளுநருக்கு 20,000, ஓட்டுநருக்கு 18,000, உதவியாளருக்கு 12,000 என்றால் ஆட்செலவு மட்டும் 1,30,000 ரூபாய். காப்பீடு, எப்.சி. முதலியவற்றுக்கு மாதம் 5,000. தொலைபேசி, நோயாளிச் சீட்டு, துப்புரவுச் சாமான்களுக்கு 5,000. உள்கட்டமைப்போடு சேர்த்து வண்டியின் விலை 24 லட்சம், அது 10 ஆண்டு உழைக்கும் என்றால், தேய்மானமாக மாதம் 20,000 எடுத்து வைக்க வேண்டும். கொடையாக வந்த வண்டிதானே என்று இதை விட்டுவிடுபவர்கள், பத்தாம் ஆண்டில் புது வண்டிக்கு மறுபடியும் கொடைக்கு அலைய வேண்டிவரும்.

ஆக மாதம் 1,60,000 ரூபாய். இதை 24 நடைக்குப் பங்கிட்டால் ஒரு நடைக்கு 6,667 ரூபாய் விழுகிறது. கடை வாடகையும் ஆள் சம்பளமும் போன்றது இது. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும்.

நடைக்கு நடை ஆகும் செலவு

அடுத்து டீசல். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் 60 கிலோமீட்டருக்கு 6 லிட்டர். நின்ற இடத்தில் விளக்கும் மின்விசிறியும் ஓட இன்னொரு லிட்டர். லிட்டர் 95 ரூபாய் வீதம் 7 லிட்டருக்கு 665 ரூபாய். டயர், ஆயில், பழுதுபார்ப்புக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் வைத்தால் 300. வண்டி ஓட்டச் செலவு 965 ரூபாய்.

மருந்து, நோயாளி ஒருவருக்குச் சராசரி 60 ரூபாய் வீதம் 50 பேருக்கு 3,000. சர்க்கரை பார்க்கும் பட்டைகள் 20 பேருக்கு, 15 ரூபாய் வீதம் 300.

மொத்தம் கூட்டினால் ஒரு நடைக்கு 10,932 ரூபாய். நோயாளி ஒருவருக்கு ஏறக்குறைய 219 ரூபாய்.

இந்தத் தொகையில் டீசலின் பங்கு நூற்றுக்கு ஆறுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். டீசல் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினாலும் ஒரு நடைக்குக் கூடுவது 70 ரூபாய், நோயாளிக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு. ஆனாலும் நிதி முடைப்பட்டால் பலருக்கும் முதலில் தோன்றுவது, டீசல் மிச்சமாகட்டும் என்று நடையைக் குறைப்பதுதான். மாதம் 18 நடையாகக் குறைத்தால் என்ன ஆகும்? நிலைச்செலவு அப்படியே இருக்க, ஒரு நடைக்கு அதன் பங்கு 8,889 ரூபாயாக ஏறும். நோயாளிக்கு 219 ரூபாயாக இருந்தது 263 ஆகிவிடும். நின்றுபோன ஒவ்வொரு நாளும் 6,667 ரூபாய், ஒரு நோயாளியையும் பார்க்காமலே செலவாகிறது.

மருத்துவர் விடுப்பில் போகும் நாளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அன்று மாற்று மருத்துவருக்கு 3,000 ரூபாய் கொடுப்பது கூடுதல் செலவாகத் தோன்றும். ஆனால் வண்டியை நிறுத்தினால் வீணாவது அதைப்போல இருமடங்குக்கும் மேல். ஆகவே பக்கத்து ஊர்களில் இரண்டு மருத்துவர்களோடு முன்கூட்டியே பேசி வைத்திருப்பது லாபமான ஏற்பாடு.

மாத்திரை இல்லாத வண்டி

நிதி குறையும்போது அடுத்துக் கை வைக்கப்படும் இடம் மருந்து. நம் கடையில் துவரம்பருப்பு இல்லையென்று மூன்று முறை திருப்பி அனுப்பினால், அந்த வாடிக்கையாளர் உப்பு வாங்கவும் வரமாட்டார். வண்டியிலும் அதேதான். கூட்டத்தில் பெரும்பகுதி சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவர்கள். மாத்திரை இல்லையென்றால் அடுத்த மாதம் வரமாட்டார்கள். 50 பேர் 25 ஆகக் குறைந்தால் மருந்திலும் பட்டையிலும் மிச்சமாவது 1,650 ரூபாய்தான். ஆனால் தலைக்குச் செலவு 371 ரூபாய் ஆகிவிடும்.

எவ்வளவு சரக்கு வேண்டும்? மாதம் 1,200 பேரில் 400 பேர் சர்க்கரைக்காரர்கள் என்று கொள்வோம். மெட்பார்மின் காலை ஒன்று, மாலை ஒன்று என்றால் ஒருவருக்கு மாதம் 60. ஆக 24,000 மாத்திரைகள், அதாவது 10 அடங்கிய 2,400 அட்டைகள். கொள்முதல் வந்துசேர 15 நாள் ஆகுமென்றால், இருப்பு 1,200 அட்டைக்கு இறங்கும்வரை காத்திருக்கக் கூடாது. 1,800 இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். விலைக்கு, 2008-ல் தொடங்கிய மக்கள் மருந்தகங்களின் பட்டியலையும் மொத்த வியாபாரிகளின் விலையையும் ஒப்பிட்டு வாங்கலாம். கம்பெனிப் பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கும் மேல் பல மருந்துகளில் மிச்சமாகும்.

ஏரி நிரம்பித் தரைப்பாலம் மூழ்கும் ஐப்பசி, கார்த்திகையில் வண்டி சில நாள் தாமதிக்கும். 30 நாள் மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் நோயாளியின் கை காலியாகிவிடும். ஆகவே முதல்முறை 35 நாளுக்குக் கொடுத்துவிட வேண்டும். இது ஒருமுறைச் செலவுதான். அடுத்த மாதம் முதல் 30 நாளுக்குக் கொடுத்தாலும் அந்த ஐந்து நாள் இருப்பு அவரிடமே நிற்கும்.

சரக்கு கெடுவதும் நட்டமே. காலாவதி முதலில் வருவதை முன்னே வைக்கும் நம் கடை வழக்கம் அங்கும் வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய வண்டிக்குள் மாத்திரைகளை விட்டுவைக்கக் கூடாது. பெரும்பாலானவை 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டியவை. மாலையில் பெட்டிகளை இறக்கி அறையில் வைப்பதே முறை. இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வண்டி அதை ஏற்றாமல் இருப்பதே நல்லது.

கணக்கில் தெரியும் நோய்

மூன்று எண்களை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், வண்டியின் நலம் தெரிந்துவிடும். முதலாவது, நடைக்கு எத்தனை நோயாளிகள் என்பது. ஓர் ஊரில் மூன்று மாதம் தொடர்ந்து குறைந்தால் மருந்து தீர்ந்ததா, நேரம் தவறியதா, நூறு நாள் வேலை நேரத்தில் போகிறோமா என்று விசாரிக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் கீழ் வீட்டுக்கே மாத்திரை வரும் ஊரானால், வண்டி வேறு ஊருக்குப் போவதே முறை.

இரண்டாவது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. டேங்கை விளிம்புவரை நிரப்பி, ஓடியபின் மறுபடி விளிம்புவரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் சரியான கணக்கு வரும். 10 கிடைத்த வண்டி 7-க்கு இறங்கினால் மாதம் ஏறக்குறைய 5,900 ரூபாய் போகிறது. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம், டீசலே வெளியே போயிருக்கலாம். பணத்தைவிட, வண்டி வழியில் நிற்கப்போகிறது என்பதற்கு இது முன்னறிவிப்பு.

மூன்றாவது, மருந்து இருப்பு. ஆரம்ப இருப்பு, வரவு, கொடுத்தது, கடைசி இருப்பு ஆகிய நான்கும் சீட்டுகளோடு பொருந்த வேண்டும். பொருந்தாத அட்டைகள் எங்கோ விற்பனையாகின்றன என்று பொருள்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பத்தாம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும் அவருடைய உறவினர் பெயரையும் குடவோலையில் எழுதக் கூடாது என்கிறது. வண்டிக்குப் பணம் கொடுக்கும் சங்கங்கள் அதே ஊர் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். மாதக் கணக்கை ஒரே தாளில் எழுதி, வண்டியின் கதவிலும் சங்கப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள். நம் கணக்குப்படி ஒரு நடைக்கு 10,932 ரூபாய் வீதம் 24 நடைக்கு 2,62,368 ரூபாய். மாதம் 500 ரூபாய் வீதம் 525 கடைகள் சேர்ந்தால் இது தாங்கும். அத்தனை கடை சேராவிட்டால் 24 நடை வண்டியை வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஓடும் ஒரு வண்டிக்கு மருந்து வாங்கும் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு மாதம் 79,200 ரூபாய், 500 ரூபாய் வீதம் 160 கடைகள் போதும்.