வடை யாருடையது?

பாட்டி வடை சுட்ட கதையைக் கதை வரைபடமாக்கினால் இடம், பாத்திரங்கள், சிக்கல், நிகழ்வுகள், முடிவு என்று ஐந்து கட்டங்கள் வரும். பிள்ளைகள் தடுமாறுவது சிக்கலில்தான். ‘காகம் வடையைத் திருடியது’ என்று எழுதிவிடுவார்கள். அது நிகழ்வு. யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று கேட்டால் சிக்கல் பிடிபடும்: நரிக்கு வடை வேண்டும், அதுவோ மரத்தின் மேல் காகத்தின் வாயில். பாட்டியை நாயகியாக்கிப் பாருங்கள்; முடிவுக் கட்டம் காலியாகவே நிற்கும். பாவம், வடை திரும்பவே இல்லை!

அடுத்து வென் படம். ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்களில் காகமும் நரியும். நடுவில் ‘இரண்டும் உயிரினங்கள்’ என்று எழுதினால் கதை விளங்காது. ‘வடையை எப்படி அடைந்தது?’ என்ற ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்க வேண்டும். காகம் பறித்தது, நரி புகழ்ந்து ஏமாற்றியது. நடுவில் விழுவது: இரண்டுமே பாட்டிக்குக் காசு கொடுக்கவில்லை.