மூன்று வினாடி இருட்டு

படத்தைத் தேர்ந்தெடுத்து ரிமோட்டை அழுத்தியதும் டிவி சட்டென்று இருண்டுவிடுகிறது. இரண்டு மூன்று வினாடி ஒன்றும் தெரியாது. திரை உயிர் பெறும்போது முதல் வசனம் பாதி போயிருக்கும். படத்தை நிறுத்திவிட்டு முகப்புக்கு வந்தால் மறுபடியும் இருட்டு. எங்கள் மாமியார் வெகுநாள் இதை 'கரண்ட் போய் வருது' என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

டிவியில் செருகும் ஸ்டிக் கெட்டுப்போகவில்லை. நம் நன்மைக்காக என்று அது செய்கிற வேலைதான் இது. முகப்புத் திரையை வினாடிக்கு 60 முறை, சாதாரண ஒளியளவில் அனுப்பிக்கொண்டிருக்கும் ஸ்டிக், சினிமா தொடங்கியதும் படம் எடுக்கப்பட்ட வேகமான 24 பிரேமுக்கும், எச்டிஆர் என்கிற விரிந்த ஒளியளவுக்கும் மாறுகிறது. 60ஐ 24 ஆல் வகுத்தால் இரண்டரை வரும். அரை பிரேமைக் காட்ட முடியாது என்பதால், மாறாமல் 60லேயே ஓட்டினால் ஒரு பிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் வரும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் கட்டடங்கள் விக்கி விக்கி நகர்வது இதனால்தான்.

இருட்டு வருவது கேபிளில். 4கே படத்தை வினாடிக்கு 60 முறை அனுப்ப எச்டிஎம்ஐ இணைப்பின் கடிகாரம் 594 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும். 24க்கு அது 297 போதும். துடிப்பு மாறியதும் டிவி பழைய சிக்னலை விட்டுப் புதியதைப் பிடிக்க வேண்டும். திருட்டு நகலைத் தடுக்கும் எச்டிசிபி என்கிற ரகசியக் குறியீட்டுப் பரிமாற்றத்தையும் இரண்டு கருவிகளும் மறுபடி முதலிலிருந்து முடிக்க வேண்டும். ஸ்டிக்கை ஏவி ரிசீவர் வழியாக டிவிக்குக் கொடுத்திருந்தால் இந்தச் சடங்கு இரண்டு இடங்களில் நடக்கும், இருட்டும் நீளும். ஒளியளவு மாறும்போது டிவி தன் படத் தேர்வையும் பின்னொளியையும் வேறாக அமைத்துக்கொள்வதால் அப்போதும் திரை ஒருமுறை சிமிட்டும்.

ஆகவே கைவைக்க வேண்டிய அமைப்புகள் இரண்டு. ஃபயர் டிவி ஸ்டிக் 4கேயை எடுத்துக்கொள்வோம். Settings, Display & Sounds, Display என்று போனால் Match Original Frame Rate இருக்கும். அதை அணைத்தால் வேகம் மாறுவதால் வரும் இருட்டு போய்விடும். விலை, மேலே சொன்ன விக்கல். ஆனால் 120 ஹெர்ட்ஸ் டிவிகள் சில, 60ல் வரும் சிக்னலிலிருந்தே அசல் 24 பிரேமைப் பிரித்தெடுத்துவிடும். அவற்றில் வித்தியாசமே தெரியாது. அமைப்பை விட்டுவைத்தாலும் எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அதே பக்கத்தில் Dynamic Range Settings. அதில் Adaptive என்றால் படத்துக்குப் படம் மாறும். Always HDR என்று வைத்தால் மாற்றமே கிடையாது, சிமிட்டலும் கிடையாது. ஆனால் சாதாரண சீரியலையும் யூடியூபையும் ஸ்டிக் எச்டிஆருக்குள் திணித்து அனுப்பும். முகங்கள் மங்கியோ நிறம் தூக்கலாகவோ தெரியும். எனக்கு இது சகிக்கவில்லை. ஒரு படத்துக்கு இரண்டு இருட்டைத் தாங்கிக்கொள்ளலாம், தினமும் வெளிறிய முகங்களைப் பார்க்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே ஒருமுறை இருண்டால்தான் இது பொருந்தும். நடுப்படத்தில் அடிக்கடி வெட்டினால் கேபிளையோ மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். படத் தெளிவை 1080பி ஆக்கிப் பாருங்கள். வெட்டு நின்றுவிட்டால், இணைப்பால் 4கேயின் பாரத்தைச் சுமக்க முடியவில்லை என்று பொருள். ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பியில் செருகியிருந்தால், அதனுடன் வந்த அடாப்டருக்கு மாற்றிவிடுங்கள். எதையோ மாற்றப்போய்த் திரை இருட்டிலேயே நின்றுவிட்டால், ரிமோட்டின் மேல்நோக்கு பொத்தானையும் ரீவைண்ட் பொத்தானையும் சேர்த்து ஐந்து வினாடி அழுத்துங்கள். படத் தெளிவுகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும்.

இந்த இருட்டை ஒழிக்கவே எச்டிஎம்ஐ 2.1ல் கியூஎம்எஸ் என்ற ஏற்பாடு வந்தது. கடிகாரத்தைத் தொடாமல் பிரேம் வேகத்தை மட்டும் மாற்றிவிடும். 2022ல் வந்த ஆப்பிள் டிவி 4கே பெட்டியில் அது உண்டு. டிவியும் அதை ஆதரிக்க வேண்டும். ஒளியளவு மாறும்போது வரும் சிமிட்டலை அதுவும் தீர்க்காது.

அதிகம் பார்ப்பது சீரியலும் செய்தியும் என்றால் ஒளியளவை Adaptiveல் வைத்து, பிரேம் வேகப் பொருத்தத்தை அணைத்துவிடுங்கள். சினிமாதான் உயிர் என்பவர்கள் இரண்டையும் விட்டுவைத்து, படம் வந்ததும் பத்து வினாடி பின்னால் தள்ளி மறுபடி தொடங்கினால் முதல் வசனம் தப்பாது.