கோப்பைத் தேட வைக்காத நினைவூட்டுக் கடிதம்

அரசு அலுவலகத்துக்குப் பதிவேடுகள் அச்சடித்துக் கொடுத்த ஒரு சிறிய அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வரவில்லை. உரிமையாளர் இப்படி எழுதுகிறார்: “ஐயா, தங்கள் அலுவலகத்துக்கு நாங்கள் வழங்கிய பதிவேடுகளுக்கான தொகை இதுவரை கிடைக்கவில்லை. பலமுறை நேரில் வந்தும் பலனில்லை. மிகவும் சிரமப்படுகிறோம். விரைவில் ஆவன செய்ய வேண்டுகிறேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்தக் கோப்பைத் திறப்பது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கடிதம் முதலில் தபால் பிரிவுக்குப் போகிறது. அங்கிருப்பவர் அதை எந்த எழுத்தருக்குத் தருவது என்று முடிவு செய்ய வேண்டும். கோப்பு எண் இருந்தால் வேலை சுலபம். ‘ந.க.எண்.2316/அ3/2024’ என்றால் 2316 கோப்பின் எண், அ3 அதைக் கவனிக்கும் எழுத்தரின் இருக்கை, 2024 ஆண்டு. எண் இல்லாத கடிதமோ வேறு இருக்கைக்குப் போகலாம். புது எண் பெற்றுத் தனிக் கோப்பாகவும் ஆகிவிடலாம். அப்போது பில் ஒரு கோப்பிலும் நினைவூட்டு இன்னொரு கோப்பிலும் கிடக்கும்.

அதே கடிதத்தைத் திருத்தி எழுதினால் இப்படி இருக்கும்:

“பொருள்: பதிவேடுகள் அச்சிட்டு வழங்கியது – பட்டியல் தொகை ரூ.84,960 – வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலக ஆணை, ந.க.எண்.2316/அ3/2024, நாள் 05.08.2024. 2. எமது பட்டியல் எண் 117, நாள் 18.09.2024. 3. எமது கடிதம், நாள் 20.11.2024.

பார்வை 1-இல் காணும் ஆணையின்படி 600 பதிவேடுகள் 16.09.2024 அன்று ஒப்படைக்கப்பட்டன. கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. பார்வை 2-இல் காணும் பட்டியல் கருவூலத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால் அதன் நாளையும், அனுப்பப்படவில்லை எனில் அதிலுள்ள குறையையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியம்தான் முக்கியம். ‘ஆவன செய்யவும்’ என்ற வேண்டுகோளுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் போதும். கருவூலத்துக்குப் போனதா, எப்போது, இல்லையென்றால் என்ன குறை என்று கேட்டால், எழுத்தர் கோப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பிரித்தால் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் வெளிவரும்: பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டதற்கான சான்று பில்லில் இல்லை, வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் பிழை, அல்லது கருவூலம் ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்பிய பில் அப்படியே கிடக்கிறது. நேரில் அலைந்ததையும் கஷ்டத்தையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டதில் எனக்கு வருத்தம்தான்; அது நியாயமான கோபம். ஆனால் அந்த வரிகள் இருக்கும் இடத்தில் ஒரு தேதி இருந்தால் பணம் சீக்கிரம் வரும்.

மார்ச் 31 தாண்டிவிட்டால் கேள்வியையும் மாற்ற வேண்டும். அந்த நிதியாண்டில் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். எனவே ஏப்ரலில் எழுதும் கடிதத்தில், இந்தத் தொகைக்குப் புதிய ஒதுக்கீடு கேட்டு மேலதிகாரிக்கு எழுதப்பட்டதா, எந்த நாளில் என்று கேட்க வேண்டும். பழைய கடிதத்தையே நகலெடுத்து அனுப்பினால் நின்றுபோன இடத்திலேயே பில் நிற்கும்.

ஒப்படைத்த நாளைக் கடிதத்தில் குறிப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அச்சகம் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். பொருளை வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கவில்லை என்றால், ஒப்படைத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். எப்படி ஒப்பந்தம் போட்டிருந்தாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை போக முடியாது. நம் எடுத்துக்காட்டில் அந்தக் கெடு 31.10.2024. அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். முதல் நினைவூட்டிலேயே இதை எழுத நான் சொல்லமாட்டேன். இரண்டாவதில் ஒரு வரியாக எழுதலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தச் சட்டத்தின்படி அமைந்த வசதியாக்கல் மன்றத்துக்குப் போகலாம்.

கடிதத்தைத் தபால் பிரிவில் நேரில் கொடுத்தால், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். முத்திரை நாளிலிருந்து ஒரு மாதம் பதில் இல்லையென்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த ந.க. எண்ணைச் சொல்லி, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பில் எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்பது அந்தப் பக்கங்களில் தெரிந்துவிடும்.

விற்ற பொருளின் விலைக்கு வழக்குப் போடக் காலவரம்பு மூன்றாண்டு. கடன் தவணை எதுவும் பேசியிருக்காவிட்டால், பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து அது ஓடும். நாம் அனுப்பும் நினைவூட்டுகள் எத்தனை ஆனாலும் அதை நிறுத்தாது. ஆனால் அந்த மூன்றாண்டுக்குள் துறை, தொகை தர வேண்டியிருப்பதை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட கடிதம் ஒன்று தந்தால், அந்த நாளிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். அப்படி ஒரு பதில் வந்தால் அதன் மூலத்தைக் கோப்பில் பத்திரப்படுத்தி வையுங்கள்.