எடை 66 கிலோதான், ஆனால் கல்லீரலில் கொழுப்பு: ஒல்லியானவர்களுக்கு இது ஏன் வருது?

நெமிலிச்சேரியில் இருந்து தினமும் மின்சார ரயில் பிடித்து அம்பத்தூரில் வேலைக்குப் போகும் நண்பர் ஒருவர். வயது 31, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. கல்யாண வீட்டில் பார்க்கிற உறவினர்கள் எல்லாம் "என்னப்பா, சாப்பிடறியா இல்லையா?" என்று கேட்கும் உடம்பு. போன வருஷம் ஆபீஸில் நடந்த ஹெல்த் செக்கப்பில் அவருக்கு வந்த ரிப்போர்ட்: ட்ரைகிளிசரைடு 214, நல்ல கொலஸ்ட்ரால் 34, வெறும் வயிற்றில் சர்க்கரை 108. ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'.

"லேப்ல வேற யாரோட ரிப்போர்ட்டையோ மாத்திக் கொடுத்துட்டாங்க"ன்னுதான் அவர் முதலில் நினைத்தார். மாற்றவில்லை. மறுபடி எடுத்தும் அதேதான்.

ஒரே பி.எம்.ஐ, ரெண்டு உடம்பு

இதைப் புரிந்துகொள்ள 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த ஒரு புகைப்படம் உதவும். அதில் இருவர் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, அதாவது நார்மல். ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல்!

யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் முக்கிய உடற்பயிற்சியோ, காலையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான். கட்டுரையிலேயே அப்படித்தான் ஜாலியாக எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு சீரியஸான விஷயமும் இருந்தது: யாஜ்னிக் பிறந்தபோது அவர் எடை குறைவு.

அது ஏன் முக்கியம்? யாஜ்னிக் குழு புனே பகுதியில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குக் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளின் அளவும். தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. 'ஒல்லி ஆனால் கொழுப்பு' என்ற உடல்வாகு தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது. நண்பரின் ரிப்போர்ட்டுக்கு அவருடைய பரோட்டா மட்டும் காரணம் இல்லை. (பரோட்டாவும் காரணம்தான், வர்றேன்.)

உள்ளே என்ன நடக்குது?

கொழுப்பைச் சேமிக்க உடம்பு வைத்திருக்கும் பீரோ, தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்புத் திசு. தொடை, இடுப்பு, கைகளில் இருப்பது அதுதான். பெரிதாகத் தொந்தரவு தராது. சிலருக்கு இந்த பீரோ பெரிசு, சிலருக்குச் சின்னது. சின்ன பீரோ நிறைந்துவிட்டால் மிச்சம் வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலிலும், கணையத்திலும் போய் உட்காருகிறது. அதற்கு ஒருவர் குண்டாக வேண்டிய அவசியமே இல்லை.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் அது இன்சுலின் பேச்சைக் கேட்காது. தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விடும், ட்ரைகிளிசரைடையும் அதிகமாகத் தயாரித்து அனுப்பும். இன்னொரு பக்கம், சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. ஒல்லியான, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கும் உடம்பில் தசையும் குறைவு. ரெண்டு பக்கமும் அடி.

எடை மெஷின் சொல்லாததை இஞ்ச் டேப் சொல்லும்

நண்பரின் பி.எம்.ஐ. 22.8. இந்தியர்களுக்கான வரம்பு 23, அதனால் அதில் பாஸ். "என் பேன்ட் சைஸ் 32தான்" என்றார். அங்கேதான் ஏமாறுகிறோம். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறோம், அது இடுப்பளவே இல்லை.

சரியாக அளக்க, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். சட்டை இருக்கக் கூடாது. சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு, எக்காமல் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்களுக்கான எல்லை. உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது இன்னும் சுலபமான கணக்கு. நண்பருக்கு 91 வந்தது. உயரத்தில் பாதி 85.

ஜிம்மில் ஏறி நிற்கும் மெஷின் 'உள் கொழுப்பு 9' என்று காட்டினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது லேசான மின்சாரத்தை அனுப்பி, ஃபார்முலா போட்டு ஊகிப்பது. தண்ணீர் குடித்தாலே மாறும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் லேசான கொழுப்பைத் தவறவிடலாம். இடுப்பளவோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, ட்ரைகிளிசரைடு, நல்ல கொலஸ்ட்ரால் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

சரி, என்ன பண்றது?

பட்டினி கிடக்காதீங்க. ஏற்கனவே தசை குறைவான உடம்பில் தடாலடி டயட் இருந்தால் தசையும் சேர்ந்து கரையும்.

சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் செய்தவர்களில் அது 39 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் பலன் கிடைத்தது.

நண்பருக்கு டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வழிதான். அவருடைய பழைய நாள் இப்படி: காலையில் பொங்கல், ஆபீஸில் சர்க்கரை போட்ட மூணு டீ, மதியம் சாம்பார், ரசம், மோர் என மூணு ரவுண்டு சாதம், ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன் பக்கம் பரோட்டா. இப்போது டீயில் சர்க்கரை இல்லை. மதியம் சாதம் ஒரு ரவுண்டு, கூடவே சுண்டலோ ரெண்டு முட்டையோ. ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்குள், அதற்குப் பிறகு 15 நிமிஷ நடை. பரோட்டா மாதம் ஒருமுறை.

இதைவிட முக்கியமாக, வாரத்தில் மூணு நாள் தசைக்கு வேலை. ஜிம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போல ஸ்குவாட், சுவரில் புஷ்-அப், 10 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது, மொத்தம் 25 நிமிஷம். சுலபமாக இருக்கும்போது எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தசை வளராது.

ஒன்றை மறக்காதீர்கள். ஒல்லியானவருக்குச் சர்க்கரை ஏறியிருந்து, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், வேகமாக எடை குறைவது எல்லாம் இருந்தால் அது வேறு வகை சர்க்கரை நோயாக இருக்கலாம். வாக்கிங் போய்ப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

நாலு மாதம் கழித்து நண்பரின் எடை 65 கிலோ. ஒரே ஒரு கிலோதான் குறைஞ்சிருக்கு என்று சலித்துக்கொண்டார். இடுப்பளவு 87, ட்ரைகிளிசரைடு 158, வெறும் வயிற்றுச் சர்க்கரை 98. ஸ்கேனை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெல்ட்டில் மட்டும் புதுசா ஒரு ஓட்டை போட வேண்டி வந்தது.