ஞாயிற்றுக்கிழமை இடியப்பம்

“குளுட்டன் இல்லாத உணவு பற்றி விளக்கப்பட்டது.” கிளினிக் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருக்கும். கீழே ஒரு கையெழுத்து, ஒரு திகதி. ஆறு மாதம் கழித்து அதே நோயாளி வேறொரு வைத்தியருக்கு முன்னால் வந்து உட்காருகிறார். இரத்தம் ஏறவில்லை, வயிறு சரியாகவில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு புதிய வைத்தியர் என்ன செய்வார்? யாருக்கு விளக்கினார்கள், வீட்டில் சமைப்பது யார், எதை நிறுத்தச் சொன்னார்கள், அவருக்கு எது விளங்கியது என்று எதுவுமே அதில் இல்லை. சீலியாக் நோய்க்கு உணவைத் தவிர வேறு மருந்து கிடையாது. மாத்திரை எழுதும்போது பெயரும் அளவும் வேளையும் எழுதுகிறவர்கள், உணவு என்று வந்ததும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற புரதத்தை உடல் எதிரியாக எண்ணித் தன் சிறுகுடலையே தாக்குவதுதான் சீலியாக். குடலின் உட்சுவரில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சோறும் மீனும் உண்ணும் புத்தளம் கரையோரத்தில் இது யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராத நோய். அதற்கு நியாயமும் உண்டு. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 வயதுவந்தோரைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், இந்த நோய்க்குரிய எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் காணப்பட்டது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மட்டும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்கினரிடம் இருந்தது. பெரிய வேறுபாடு தெரிந்தது தட்டில். வடக்கே ஒருவர் நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கே 25 கிராம். நம் கரையில் காலையில் பாண், மாலையில் மீன் பணிஸ், இரவில் கொத்து என்று கோதுமை ஏறிக்கொண்டே போவதை எண்ணிப் பார்த்தால், ‘நம்மவருக்கு இது வராது’ என்ற நம்பிக்கை எத்தனை நாளைக்குத் தாங்குமோ தெரியாது.

ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். இவர் உண்மையான ஒருவர் அல்லர். விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்டவர். கற்பிட்டிப் பக்கத்துக் கரையோரக் கிராமம், வயது 34, கணவர் கடற்றொழில், இரண்டு பிள்ளைகள். உயரம் 158 சென்றிமீற்றர், எடை 46 கிலோ. ஒரு வருடத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. ஓயாத களைப்பு, அடிக்கடி வயிற்றோட்டம். எதிர்ப்பொருள் சோதனை மிக உயர்வாக வர, எண்டோஸ்கோப்பியில் எடுத்த குடல் துணுக்கும் அதையே உறுதி செய்தது. சோதனை முடியும்வரை அவர் பாணை நிறுத்தவில்லை என்பது முக்கியம். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருளும் இறங்கும், குடலும் தேறத் தொடங்கும். பிறகு நோயை உறுதி செய்வது பெரும்பாடு.

பாதிக்கப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதி. இரும்பு, கல்சியம், போலிக் அமிலம் மூன்றும் முக்கியமாக உறிஞ்சப்படுவது அங்கேதான் என்பதால், குறைபாடுகளைத் தேடும் பட்டியலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இவருடைய ஹீமோகுளோபின் 8.6. இரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு 82, அதாவது சாதாரணம். இங்கேதான் கண் ஏமாறும். இரும்பு குறைந்தால் அணு சிறுக்கும், போலிக் அமிலம் குறைந்தால் பெருக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் சராசரி நடுவில் வந்து நிற்கும். அதே தாளில் அணுக்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் எண் 21 விழுக்காடு என்று உயர்ந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டில் பார்த்தால் வெளிறிய சிறு அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து கிடக்கும். பெரிட்டின் 7, ஆகவே இரும்புக் களஞ்சியம் காலி. பெரிட்டின் சாதாரணமாக வந்திருந்தாலும் உடனே நம்பிவிட முடியாது. உடலில் அழற்சி இருந்தால் அது பொய்யாக உயரும். போலிக் அமிலமும் குறைவு. அதற்கு மாத்திரை தொடங்குமுன் விற்றமின் பி12 பார்த்தாக வேண்டும். பி12 குறைபாடு உள்ளவருக்குப் போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும், நரம்புச் சேதம் சத்தமின்றித் தொடரும்.

வடமேல் மாகாணத்துக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. தலசீமியாவுக்கென்றே குருநாகலில் ஒரு தேசிய நிலையம் இயங்கும் பகுதி இது. சோகையும் சிறிய அணுவும் கண்டால் ‘தலசீமியா காவியாக இருப்பார்’ என்று ஒதுக்கிவிடும் பழக்கம் எளிதில் வரும். காவியா என்று அறியும் சோதனையில் பார்க்கும் அளவை இரும்புக் குறைபாடு கீழே இழுத்துவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் இரும்பை நிரப்பிய பிறகு அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதையும் புத்தகத்தில் எழுதிவைப்பது நல்லது.

அடுத்தது எலும்பு. கல்சியம் 2.05 என்று வருகிறது, சாதாரணத்தின் கீழெல்லை 2.20. குறைவு என்று வட்டம் போடுமுன் அல்புமின் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அது 31. இரத்தக் கல்சியத்தில் ஒரு பங்கு அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், 40இலிருந்து குறையும் ஒவ்வோர் எண்ணுக்கும் 0.02 கூட்டுவது வழக்கம். ஒன்பது எண் குறைவுக்கு 0.18 கூட்டினால் 2.23, அப்படியானால் சாதாரணம். நிம்மதி அடையலாமா? கூடாது. விற்றமின் டி 11இல் இருக்கிறது, பராதைரொயிட் ஹோர்மோன் உயர்ந்திருக்கிறது. இரத்தத்தில் கல்சியம் சரியாக நிற்பது எலும்பிலிருந்து உருவியெடுப்பதால். எலும்பு அடர்த்திச் சோதனைக்கு இவரை அனுப்பக் காரணம் இந்த இரண்டு எண்கள்தான். கல்சிய எண் அல்ல.

தைரொயிட் சோதனை சரி. ஈரல் நொதியம் ஒன்று சற்று உயர்வு. சீலியாக்கில் இது அடிக்கடி காண்பது, உணவு மாறினால் பல மாதங்களில் இறங்கும். இறங்காவிட்டால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

இனி உணவு. ‘சோறு சாப்பிடுகிற ஆள்தானே, பாணை விட்டால் போதும்’ என்று சொல்லத் தோன்றும். நேற்று விடிந்ததிலிருந்து இரவுவரை என்ன சாப்பிட்டீர்கள் என்று இவரிடம் கேட்டால் வேறு கதை வருகிறது. விடியற்காலை தேத்தண்ணியுடன் இரண்டு பிஸ்கட். காலையில் பாணும் சம்பலும். மதியம் சோறு, மீன் கறி, பருப்பு. நான்கு மணிக்கு மீன் பணிஸ். இரவு ரொட்டி. களைத்துப் போகிறாளே என்று மாமியார் அன்போடு கரைத்துக் கொடுக்கும் மோல்ட் பானம் வேறு. மோல்ட் என்பது முளைவிட்ட பார்லி. நம் வீடுகளில் நோயாளிக்கென்று தனியே செய்வதைப் பாருங்கள்: ரஸ்க், ரவைக் கஞ்சி, பார்லித் தண்ணி. இந்த நோயில் இவற்றுள் எதையும் உண்ணக் கூடாது.

பிறகு, அரிசிப் பலகாரம் என்று நாம் நம்புகிறவை. கடை இடியப்பத்தில் கோதுமை மா கலந்திருக்கலாம். பிட்டுக்கு அரிசி மாவோடு அவித்த கோதுமை மா சேர்ப்பவர்கள் உண்டு. குரக்கனில் குளுட்டன் இல்லை, ஆனால் கடைக் குரக்கன் ரொட்டி உடையாமல் வரக் கோதுமை மா சேர்த்திருப்பார்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா இருக்கலாம், சோயா சோஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. கொத்துப் போட்ட அதே தகட்டில் பிரட்டிய பிரைட் ரைஸும், ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த மீனும் ஆகாது.

இவ்வளவு சிறிய கலப்படத்துக்கா இத்தனை கெடுபிடி என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளுட்டன் இருக்கும். நாளுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குடற்சுவர் சேதமடைந்தது. 10 மில்லிகிராமுக்குக் கீழே பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை என்று கருதுகிறார்கள். அந்த 10 மில்லிகிராம், பாண் துண்டின் இருநூறில் ஒரு பங்கு. கோதுமை மா அரித்த அரிதட்டின் கண்ணிகளிலும், மர இடியப்ப உரலின் துளைகளிலும் ஒட்டியிருக்கும் மா அதற்குத் தாராளம். ஆகவே இவருக்கென்று தனி அரிதட்டும் தனி உரலும் வேண்டும். சட்டி பானைகளைக் கழுவினால் போதும்.

மாற்றாக என்ன என்பதையும் சொல்லாவிட்டால் பட்டியல் வெறும் தடையுத்தரவு ஆகிவிடும். வீட்டில் இடித்த அரிசி மாவில் பிட்டும் இடியப்பமும், மரவள்ளியும் சம்பலும், ஒடியல் கூழ் (கோதுமை மா கலக்காமல்), பயறு, கடலை. முள்ளோடு மெல்லும் நெத்தலி நல்ல கல்சியம். கரையில் இருப்பவருக்கு இதைவிட மலிவாக வேறெங்கே கிடைக்கும்? இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடும், கல்சிய மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. குடல் ஆறும்வரை இரும்பு சரியாக ஏறாமல் போகலாம். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் அசையாவிட்டால் ஊசிவழி இரும்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

சிலாபம் தொட்டுக் கற்பிட்டிவரை கத்தோலிக்கர் நிறைந்த கரை. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குத் தவறாமல் போகிற இவர் கேட்டே தீரும் கேள்வி, நற்கருணை அப்பம் ஆகுமா என்பது. கோதுமையே இல்லாத அப்பத்தைத் திருச்சபை ஏற்பதில்லை; குளுட்டன் மிகக் குறைத்த கோதுமை அப்பம் செல்லும் என்று 2017இல் வத்திக்கான் திரும்பவும் தெளிவுபடுத்தியது. இரசத்தை மட்டும் பெறுவதும் செல்லும். பங்குத்தந்தையிடம் பேச வேண்டிய விடயம்தான், ஆனால் அது கிளினிக் புத்தகத்திலும் இருக்க வேண்டும்.

இத்தனையும் பேசிய பிறகு எழுதும் குறிப்பு எப்படி இருக்கலாம்? “நோயாளிக்குத் தனியாக 40 நிமிடம், தமிழில். சமைப்பவர் மாமியார், இன்று வரவில்லை. நிறுத்தச் சொன்னவை: பாண், பிஸ்கட், பணிஸ், ரொட்டி, மோல்ட் பானம், கடை இடியப்பம். தனி அரிதட்டு, உரல். பெட்டியில் கோதுமை, பார்லி, மோல்ட் என்ற சொற்களைக் காட்டியது. இரண்டு பெட்டிகளில் சரியாகக் கண்டுபிடித்தார். திருப்பிச் சொல்லச் சொன்னபோது ரவையைக் கோதுமை என்று அறியவில்லை, மீண்டும் விளக்கியது. நற்கருணை: பங்குத்தந்தையிடம் கேட்பார். அடுத்த முறை மாமியாருடன் வரவேண்டும்.” தவறாகச் சொன்னதைக் குறித்துவைப்பதில்தான் இந்தக் குறிப்பின் உயிர் இருக்கிறது. ‘விளங்கியது’ என்று தலையாட்டாத நோயாளியை எந்தக் கிளினிக்கிலும் பார்க்க முடியாது.

ஆறு மாதம். ஹீமோகுளோபின் 11.4, எடை 50 கிலோ. எதிர்ப்பொருள் இறங்கியிருக்கிறது, ஆனால் எல்லைக்கு வரவில்லை. மிக உயர்வாகத் தொடங்கியவர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. எதிர்ப்பொருள் முழுதும் இறங்கினாலும் குடல் ஆறிவிட்டது என்று உறுதி சொல்லவும் முடியாது. வைத்தியர் பழைய குறிப்பைப் படிக்கிறார். மாமியார் இன்றும் வரவில்லை. பட்டியலை வரிவரியாகக் கேட்டுக்கொண்டு போகிறார்: பாண் இல்லை, மோல்ட் இல்லை, அரிதட்டு வாங்கியாயிற்று.

“கடை இடியப்பம்?”

“ஐயோ டொக்டர், கடையில வாங்கிறதே இல்ல. ஞாயிறு பூசை முடிஞ்சு வந்தா மாமிதான் வீட்டில அவிப்பா.”

“மாமி எந்த மாவில அவிக்கிறா?”

அவர் பதில் சொல்லவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்கு அழைக்கிறார்.